போனில் நன்றாகப் பேசும் அம்மாவுக்கு எழுந்து நின்றால் ஏன் கண் இருட்டுகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார், ஒருவேளைகூட விடுவதில்லை. மூன்று வாரத்தில் நான்கு முறை தலைசுற்றி, ஒரு தடவை விடிகாலையில் பாத்ரூம் போகும்போது சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு, "அண்ணா, அம்மாவுக்கு அடிக்கடி தலை சுத்துது, எனக்குப் பயமா இருக்கு, நீ கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கோ" என்று மெசேஜ் அனுப்பினேன். "வயசாயிடுச்சுல்ல, வீடியோ கால்ல நல்லாத்தானே பேசறாங்க. வேணும்னா ஒரு ஃபுல் பாடி செக்கப் பண்ணிடு" என்று பதில் வந்தது. அம்மாவோ தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். அண்ணன் சொன்னால்தான் டாக்டரிடம் வருவார். அண்ணனுக்கு எப்படி எழுதினால் புரியும்? உண்மையில் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. வீடியோ காலில் அம்மா நன்றாகத்தான் இருப்பார், ஏனென்றால் அப்போது அவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எழுதியிருக்கும் வகைத் தலைசுற்றல் உட்கார்ந்திருப்பவரிடம் தலைகாட்டாது. அண்ணன் பார்ப்பது அம்மாவின் நாளில் மிகப் பாதுகாப்பான இருபது நிமிடம். நீங்கள் பார்ப்பது விடிகாலை பாத்ரூம் வாசல். இரண்டு பேரும் சொல்வது சரி, பார்க்கும் நேரம்தான் வேறு.

உங்கள் மெசேஜில் பயம் இருக்கிறது, அம்மா இல்லை. எப்போது வந்தது, அதற்கு முந்தைய நிமிடம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நேரம் இருந்தது, இந்த மூன்றும் இல்லாமல் "அடிக்கடி தலை சுத்துது" என்று எழுதினால், படிக்கிறவர் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுவார். டாக்டர்களும் அப்படிச் செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மயக்கம், கிறுகிறுப்பு, தலைசுற்றல், தள்ளாட்டம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். "மயக்கமா வருது" என்று உள்ளே வந்தவரிடம் பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டால் "சுத்துற மாதிரி" என்பார். அதனால் எந்த வார்த்தை என்று நான் அதிகம் துருவுவதில்லை. என்ன செய்யும்போது வந்தது என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது எத்தனை முறை கேட்டாலும் பெரும்பாலும் மாறாது.

அம்மாவிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். படுக்கும்போதும், படுத்தபடி புரளும்போதும் தலைசுற்றல் வருகிறதா, இல்லை எழுந்து நிற்கும்போது மட்டும்தானா?

புரளும்போது அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் காதின் உட்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். சமநிலையை உணர்த்தும் உறுப்பில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து வளைகுழாய்க்குள் போய்விடுவதால் வருவது அது. படுக்கையில் ஒரு குறிப்பிட்ட விதமாகத் தலையைத் திருப்பி, கண்கள் துடிப்பதைப் பார்த்தே டாக்டர் கண்டுபிடிப்பார். சில நிமிடங்களில் தலையைப் பல கோணங்களில் திருப்பி அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக முடியும். இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை தேவையில்லை.

படுக்கும்போது ஒன்றுமில்லை, எழுந்து நின்றால்தான் கண் இருட்டுகிறது, உட்கார்ந்ததும் சரியாகிறது என்றால் கதை வேறு. நீங்கள் எழுதியிருப்பது, அதிலும் பிரஷர் மாத்திரை, சர்க்கரை, விடிகாலை பாத்ரூம் மூன்றும் சேர்ந்து வருவது, இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அதனால் இதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக் குழாயில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உடனே தகவல் அனுப்ப, குழாய்கள் இறுகி, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்து, சில நொடிகளில் எல்லாம் சமனாகிவிடும். வயது ஏற ஏற இந்த ஏற்பாடு மந்தமாகும். பல வருடச் சர்க்கரை இந்த நரம்புகளையும் அரிக்கும். இதற்கு மேல் பிரஷர் மாத்திரை குழாய்களைத் தளர்த்தி வைத்திருக்கும், நீரைப் பிரிக்கும் மாத்திரை உடலில் திரவத்தைக் குறைத்திருக்கும். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தவர் திடீரென எழுந்தால் அந்தச் சில நொடிகள் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீள்கின்றன. மூளைக்குப் போதுமான ரத்தம் போகாத அந்த நேரத்தைத்தான் அம்மா கிறுகிறுப்பு என்கிறார்.

"ஒருவேளைகூட விடுவதில்லை" என்று நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். சரியாகப் போடுவது நல்லதுதான். ஆனால் என்ன போடுகிறார் என்று யாராவது அண்மையில் பார்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், என்னிடம் வந்த 71 வயது அம்மா ஒருவரின் கதை கிட்டத்தட்ட உங்கள் வீட்டுக் கதை. ஆறு மாதமாகத் தலைசுற்றல். வேறு இடத்தில் மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்து, "வயதுக்கேற்ற மாற்றம்" என்று ரிப்போர்ட் வந்திருந்தது. கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். அந்த வயதில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் இல்லாதவர்தான் அபூர்வம். அது தெரிந்ததாலேயே தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. தலைசுற்றலுக்கென்று ஒரு மாத்திரையும் மாதக்கணக்கில் போயிருந்தது. அந்த வகை மாத்திரைகள் சில நாட்களுக்குத்தான். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவற்றை முதியவர்கள் நீண்ட நாள் எடுத்தால் கை நடுக்கம், நடையில் தயக்கம் என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரலாம், அதனால் விழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் பரப்பிப் பார்த்தால் பிரஷருக்கே மூன்று அட்டை. ஒன்று அம்லோடிபின் 5 மில்லிகிராம். இன்னொன்று டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பிராண்டு பெயர் வேறு வேறாக இருந்ததால், இரண்டிலும் ஒரே மருந்து இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கூட்டு மாத்திரையை எழுதியவர் பழையதை நிறுத்தச் சொல்லியிருப்பார், அது காதில் விழாமல் போயிருக்கும். மூன்றாவது நீரைப் பிரிக்கும் மாத்திரை. ஒரு தடவை உட்கார்ந்தபடி பார்த்தபோது 160 இருந்ததால் சேர்த்தது. தலைசுற்றல் எப்போது ஆரம்பித்தது என்று நாட்களை எண்ணிப் பார்த்தபோது, மூன்றாவது மாத்திரை வந்து இரண்டு வாரத்தில் என்று தெரிந்தது. அதுவரை இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்புறம் அவரைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்தேன், 148/82. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 118/70, மூன்று நிமிடத்தில் 122/74. படுத்திருந்ததற்கும் நின்றதற்கும் மேல் எண்ணில் 30 வித்தியாசம். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அசாதாரணம் என்பது அளவுகோல். ஆறு மாதத்தில் அவரை எத்தனையோ பேர் அளந்திருக்கிறார்கள், எல்லாரும் நாற்காலியில் உட்காரவைத்து. நிற்கவைத்து ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன், நாடித் துடிப்பு. படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 72, நின்றபோது 78. அழுத்தம் 30 இறங்கியும் துடிப்பு 6தான் ஏறியது. இறங்கிய அழுத்தத்தை ஈடுகட்ட இதயம் ஓடிவர வேண்டும், அது வரவில்லை என்றால் அந்தக் கட்டளையைக் கொண்டுபோகும் நரம்பு சோர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பல வருடச் சர்க்கரையில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். மாறாக, துடிப்பு 72இலிருந்து 105க்கு எகிறியிருந்தால் என் கவனம் வேறு பக்கம் போயிருக்கும். உடலில் தண்ணீர் குறைந்துவிட்டதா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடியிருப்பேன். இதய வேகத்தைக் குறைக்கும் மாத்திரை போடுபவரிடம் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தனியாகப் போட்டுவந்த பழைய அம்லோடிபினை நிறுத்தினேன். நீரைப் பிரிக்கும் மாத்திரையைச் சோடியம் அளவு பார்த்துவிட்டு நிறுத்தினேன். மூன்று வாரம் கழித்துப் படுத்தபடி 146/80, நின்று 132/78. தலைசுற்றல் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அவசரமாக எழுந்தால் இப்போதும் ஒரு நொடி வருகிறது என்கிறார். விழவில்லை.

இதை உங்கள் வீட்டில் நீங்களே அளக்கலாம். மேல் கையில் கட்டும் தானியங்கி பிரஷர் மெஷின் போதும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அம்மா ஐந்து நிமிடம் பேசாமல் படுத்திருக்கட்டும், அளந்து எழுதுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளந்து எழுதுங்கள். நிற்கும்போது கை தொங்கக் கூடாது, இதயத்தின் மட்டத்தில் நீங்கள் தாங்கிப் பிடியுங்கள். தொங்கும் கையில் அளவு கூடுதலாகக் காட்டும், இறக்கம் மறைந்துபோகும். பின்னால் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், கண் இருட்டினால் மூன்று நிமிடம் காத்திருக்காமல் உட்காரவைத்துவிடுங்கள். மூன்று நாள், காலையில் எழுந்தவுடன் மாத்திரைக்கு முன் ஒருமுறை, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒருமுறை போதும். முதியவர்களுக்குச் சாப்பிட்டபின் அழுத்தம் இறங்குவது சகஜம் என்பதால் அந்த இரண்டாவது அளவும் வேண்டும். மெஷின் திரும்பத் திரும்ப எரர் காட்டினால் அதையும் எழுதுங்கள், நாடி தாறுமாறாக ஓடினாலும் அப்படிக் காட்டும். தலைசுற்றும் நேரத்தில் கையிலிருக்கும் குளுக்கோமீட்டரில் சர்க்கரையும் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் பிரச்சினை பிரஷர் மாத்திரையில் இல்லை, சர்க்கரை மாத்திரையில். அளவு எப்படி வந்தாலும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் எகிறிவிடும்.

ஃபுல் பாடி செக்கப் விஷயத்தில் அண்ணனுக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் கொழுப்பு, கல்லீரல், தைராய்டு, வயிற்று ஸ்கேன் என்று நாற்பது ஐட்டம் இருக்கும் அந்தப் பட்டியலில், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்ப்பது பொதுவாக இருக்காது. உங்களுக்கு வேண்டியது ஒரு பொது மருத்துவரின் அரை மணி நேரம். மாத்திரைப் பையை அவர் முன் கொட்டுங்கள், தூக்க மாத்திரை, மூலிகை மருந்து, கடையில் கேட்டு வாங்கியது உட்பட. படுத்தும் நின்றும் அளக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஈசிஜி, ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின். நடக்கவைத்துப் பார்ப்பார், கண்ணசைவும் பாதத்தின் உணர்ச்சியும் பார்ப்பார். இவ்வளவில் பெரும்பாலும் திசை தெரிந்துவிடும். மூளை ஸ்கேன் அதற்குப் பிறகு, காரணம் இருந்தால்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது, பிடித்தாலும் நிற்க முடியாத அளவு தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடும் தலைவலி, இவை தலைசுற்றலோடு வந்தால் அப்போதே அவசரப் பிரிவு. உட்கார்ந்திருக்கும்போதோ நடக்கும்போதோ முன்னறிவிப்பில்லாமல் நினைவு தப்புவது, நெஞ்சு படபடப்பு அல்லது வலியோடு வருவது இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கலாம், அதற்கும் அன்றே. மலம் தார் போலக் கறுத்துப்போனாலும் அப்படித்தான், குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரில் சரிந்த அன்று தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை போடுகிறார் என்றால், இப்போது நன்றாக இருந்தாலும் இன்றே காட்டிவிடுங்கள்.

சரி, அண்ணனுக்கு எழுத வேண்டிய மெசேஜ். நீங்கள் தந்த விவரத்தை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன். கோடிட்ட இடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"அண்ணா, அம்மாவுக்கு மூணு வாரத்துல நாலு தடவை தலை சுத்துச்சு. தேதி ___, ___, ___, ___. ___ தடவை எழுந்து நின்னப்ப வந்தது. உட்கார்ந்ததும் ___ நிமிஷத்துல சரியாயிடுச்சு. ஒரு தடவை விடிகாலைல பாத்ரூம் போறப்ப சுவத்துல சரிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. அடுத்த தடவை இப்படி உட்காராம விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிடுமோன்னுதான் என் கவலை. படுத்திருக்கப்ப பிரஷர் ___, நின்னப்ப ___. உன்கிட்ட பேசறப்ப அவங்க உட்கார்ந்திருக்காங்க, அதான் உனக்குத் தெரியல. நாளைக்குக் காலைல நான் அளக்கறப்ப வீடியோ கால் போடறேன், அம்மா எழுந்து நிக்கறதை நீயே பாரு. செக்கப் பேக்கேஜ் வேண்டாம், டாக்டரைப் பார்க்கணும். ___ கிழமை டைம் வாங்கியிருக்கேன். அம்மா நான் சொன்னா வரமாட்டாங்க. நீ இன்னைக்கே அவங்களுக்குப் போன் பண்ணி 'போயிட்டு வாம்மா'ன்னு சொல்லு. டாக்டர் ரூம்ல இருக்கப்ப உன்னை லைன்ல எடுக்கறேன், நீயும் கேட்டுக்கோ."

இதில் "சீரியஸா எடுத்துக்கோ" என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வரி தூரத்தில் இருப்பவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும், உடனே தன் பக்க நியாயத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஒரு போன், ஒரு நேரம் என்று செய்யக்கூடிய வேலை கொடுத்தால் செய்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும், அவர்கள் அக்கறையில்லாமல் இருப்பதில்லை, எதைச் செய்வது என்று தெரியாமல் பேக்கேஜுக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

அம்மா அண்ணனிடமும் "ஒண்ணுமில்லப்பா" என்பார். அப்போது அண்ணன் வாதாட வேண்டாம். "மாத்திரையைக் குறைக்க முடியுமான்னு கேக்கத்தாம்மா போறோம்" என்று சொல்லட்டும். புது மாத்திரை, ஊசி, அட்மிஷன் என்ற பயத்தில்தான் முதியவர்கள் பலர் தலைசுற்றலை மறைக்கிறார்கள். மாத்திரை குறையலாம் என்பது இந்த விஷயத்தில் சமாதானத்துக்குச் சொல்லும் பொய்யும் இல்லை.

டாக்டரைப் பார்க்கும் நாள்வரை, அம்மா தூங்கி எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்காரட்டும், பாதத்தைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்திருக்கட்டும். நின்ற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு நடக்கட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவே மாட்டார், அதனால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக மாற்றிவிடுங்கள்.